யார், எந்தத் தேதிக்குள்? மினிட்ஸை அனுப்பும் முன் ஒரு வாசிப்பு

கூட்டம் முடிந்து மினிட்ஸ் எழுதியதும் எழுத்துப்பிழை பார்க்கிறோம். வந்தவர்கள் பெயர் விட்டுப்போகவில்லையா, தேதி சரியா என்று பார்க்கிறோம். அனுப்பிவிடுகிறோம். இந்த வரிசையில் ஒரு வாசிப்பு குறைகிறது. செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள் முடிக்கிறார் என்று பார்க்கும் வாசிப்பு அது. ஒரு பக்க மினிட்ஸுக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் எழுதும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிட முடியாது. எழுதும்போது மனம் பேச்சின் போக்கில் ஓடும், எது விட்டுப்போயிற்று என்பது கண்ணில் படாது.

வங்கி, மருத்துவமனை, பள்ளி என்று எந்தக் கூட்டத்துக்கும் இந்த வாசிப்பு பொருந்தும் என்றாலும், ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனால்தான் கை பழகும். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் நடக்கும் பி.பி. மீட்டிங்கை எடுத்துக்கொள்வோம். உற்பத்திக்கு முந்தைய கூட்டம் அது. துணி வெட்டுக்குப் போகும் முன் மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங், தையல், குவாலிட்டி, பேக்கிங் ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து, அந்த ஆர்டரில் எங்கெங்கே சிக்கல் வரும் என்று பேசுவார்கள். மினிட்ஸ் எழுதும் வேலை பெரும்பாலும் இளைய மெர்ச்சண்டைசர் தலையில் விழும்.

மாதிரிக்கு ஒரு மினிட்ஸ்

ஐரோப்பியப் பையர் ஒருவருக்கு நேவி நிற டி-ஷர்ட். கழுத்தில் வெள்ளை ரிப், மார்பில் பிரிண்ட். கூட்டம் ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. 18ஆம் தேதி வியாழன் கட்டிங், 22 திங்கள் தையல், 29 திங்கள் பேக்கிங் தொடங்க வேண்டும். கூட்டம் முடிந்து எழுதிய வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

1. துணியில் ஷ்ரிங்கேஜ் கூடுதலாகத் தெரிகிறது. மீண்டும் டெஸ்ட் செய்து பார்க்கப்படும்.
2. நேவி சாயம் வெள்ளை ரிப்பில் இறங்காமல் கவனிக்க வேண்டும் – டையிங், குவாலிட்டி.
3. கேர் லேபிள் ஆர்ட்வொர்க் – பையர் அப்ரூவல் – விரைவில்.
4. பிரிண்ட் ஸ்ட்ரைக் ஆஃப் அனுப்புதல் – மெர்ச்சண்டைசர் – அடுத்த வாரம்.
5. கழுத்து ரிப் அலை அலையாக வருவது பற்றிப் பேசப்பட்டது. முந்தைய ஆர்டரிலும் இதே பிரச்சினை இருந்தது.
6. கார்ட்டன் வரவழைத்தல் – பேக்கிங் இன்சார்ஜ் – ஜூன் 30.

மேலோட்டமாகப் படித்தால் எல்லாம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் ஆறில் ஒன்றுகூட அனுப்பும் நிலையில் இல்லை. ஒவ்வொன்றிலும் ஓட்டை வேறு வேறு விதமாக இருக்கிறது.

"படும்" என்று முடியும் வரிகள்

முதல் வரியில் ஆளும் இல்லை, தேதியும் இல்லை. "டெஸ்ட் செய்து பார்க்கப்படும்" என்ற வினை, செய்பவரைச் சொல்லாமலேயே வாக்கியத்தை முடித்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் குறை கண்ணில் படுவதில்லை. மினிட்ஸைக் கணினியில் தட்டச்சு செய்திருந்தால், முதலில் "படும்" என்று தேடுங்கள். அடுத்து "வேண்டும்", "லாம்" என்ற முடிவுகளைத் தேடுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் "வில் பி", "டீம்", "ஏ.எஸ்.ஏ.பி." ஆகியவற்றைத் தேடலாம். பெயரில்லாத வேலைகளில் பெரும்பாலானவை இந்தச் சொற்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இந்த வரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வேலைபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வேலைகள் இருக்கின்றன. துணியில் 50 செ.மீ. அளவுக்குக் குறியிட்டு, துவைத்து, உலர்த்தி, மறுபடி அளப்பது குவாலிட்டி ஆள் வேலை. 46 செ.மீ. வந்தால் ஷ்ரிங்கேஜ் 8 சதவீதம். பின்னலாடைக்குப் பல பையர்கள் 5 சதவீதம் வரைதான் ஏற்பார்கள். 70 செ.மீ. நீளமுள்ள டி-ஷர்ட் 8 சதவீதம் சுருங்கினால் 64.4 செ.மீ. ஆகிவிடும். எனவே ரிசல்ட் வந்த பிறகு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பேட்டர்னில் அளவைக் கூட்டுவதா, துணியை மறுபடி காம்பாக்டிங்குக்கு அனுப்புவதா? இந்த முடிவு வேறொருவர் கையில் இருக்கிறது. டெஸ்ட் ரிப்போர்ட் வந்தும் கட்டிங் நிற்பது இப்படித்தான். அளந்தவர் தன் வேலை முடிந்தது என்று இருப்பார். முடிவெடுக்க வேண்டியவருக்குத் தன்னை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பதே தெரியாது.

ஆகவே இதை இரண்டு வரிகளாக்க வேண்டும். ஒன்று டெஸ்ட் ரிப்போர்ட், இன்னொன்று அதைப் பார்த்து எடுக்கும் முடிவு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனித் தேதி.

இரண்டு பெயர் இருந்தால்

இரண்டாம் வரியில் "டையிங், குவாலிட்டி" என்று இரண்டு துறைகள் இருக்கின்றன. துறை என்பது ஆள் இல்லை. இரண்டு துறை என்றால், மற்றவர் பார்த்திருப்பார் என்று இருவரும் விட்டுவிட வழியிருக்கிறது. பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். உதவுபவர்களை வேண்டுமானால் அதன் பிறகு குறிக்கலாம். பதவிப் பெயர் போதாது, ஆளின் பெயரையே எழுதுங்கள். இரண்டு யூனிட் உள்ள நிறுவனத்தில் "பேக்கிங் இன்சார்ஜ்" இரண்டு பேர் இருப்பார்கள். இந்தக் கட்டுரையில் மாதிரிக்காகத்தான் பதவியை மட்டும் எழுதுகிறேன்.

பெயர் கிடைத்துவிட்டாலும், "கவனிக்க வேண்டும்" என்பதை எந்தத் தேதியில் முடிந்ததாகக் கொள்வது? கவனிப்பதற்கு முடிவே கிடையாது. கெடு வைக்க வேண்டுமானால், அன்றைக்குக் கையில் ஒரு பொருள் வந்து சேர வேண்டும். இங்கே அது என்ன? நேவி துணியையும் வெள்ளை ரிப்பையும் சேர்த்துத் தைத்த ஒரு துண்டைத் துவைத்து, ரிப்பில் கறை இறங்கியிருக்கிறதா என்று பார்த்த ரிப்போர்ட். குவாலிட்டி ஆள் அதைத் தர வேண்டும். கறை இறங்கியிருந்தால் டையிங் யூனிட் துணியை மறுபடி சோப்பிங் செய்வதா, வேறு வழி பார்ப்பதா என்பது அடுத்த வேலை. தேதி வைக்க முடியாத வேலை கண்ணில் பட்டால், என்ன கைக்கு வரவேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். அதன் பிறகு தேதி வைக்கலாம்.

அறைக்கு வெளியே இருப்பவர் பொறுப்பாளர் ஆக முடியாது

மூன்றாம் வரியில் அப்ரூவல் தர வேண்டியவர் பையர். அவர் கூட்டத்தில் இல்லை, நாம் வைக்கும் கெடு அவரைக் கட்டுப்படுத்தாது. இப்படிப்பட்ட வரிகளில் பொறுப்பாளர், அந்தப் பதிலை வாங்கித்தர வேண்டிய நம் ஆள்தான். இங்கே அவர் மெர்ச்சண்டைசர். சாயப்பட்டறை, பிரிண்டிங் ஜாப் ஒர்க், லேபிள் சப்ளையர் யாராக இருந்தாலும் இதே முறைதான்.

"விரைவில்" என்ற இடத்தில் என்ன தேதி போடுவது? ஊகித்துப் போடக் கூடாது, பின்னாலிருந்து கணக்கிட்டு வர வேண்டும். கேர் லேபிளைப் பக்கத் தையலில் சேர்த்துத்தான் தைப்பார்கள். ஆகவே 22 திங்கள் தையல் தொடங்கும் முன், 20 சனிக்கிழமைக்குள் லேபிள் கைக்கு வர வேண்டும். சப்ளையர் நான்கு வேலைநாள் கேட்கிறார் என்றால் 16, 17, 18, 19 அவருக்குப் போய்விடும். எனவே 15 திங்களுக்குள் பையரின் சம்மதம் வர வேண்டும். சனி, ஞாயிறு அவர்கள் அலுவலகத்துக்கு விடுமுறை. ஆர்ட்வொர்க்கை 10 புதனன்றே அனுப்பினால்தான் அவருக்கு வியாழன், வெள்ளி, திங்கள் என்று மூன்று நாள் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். திங்கள் மாலை வரை பதில் வராவிட்டால் மேலாளரிடம் சொல்ல வேண்டும்.

"விரைவில்" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு தேதிகள் மறைந்திருந்தன. அனுப்பும் தேதி மட்டும்தான் முழுக்க நம் கையில் இருக்கிறது. அதனால் மினிட்ஸில் கெடுவாக அதைப் போடுங்கள். பதில் வர வேண்டிய நாளையும், வராவிட்டால் யாரிடம் சொல்வது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

"அடுத்த வாரம்" என்பது தேதி இல்லை

நான்காம் வரியில் ஆள் இருக்கிறார், காலமும் இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் செவ்வாய்க்கிழமை சொன்ன "அடுத்த வாரம்" 15 திங்களாகவும் இருக்கலாம், 20 சனிக்கிழமையாகவும் இருக்கலாம். கேட்பவர் திங்கள் என்று நினைப்பார், செய்பவர் சனி என்று நினைப்பார். தேதி என்றால் நாட்காட்டியில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். கிழமையையும் சேர்த்து எழுதினால் ஞாயிற்றுக்கிழமையில் கெடு விழுந்திருப்பதும் உடனே தெரியும்.

ஸ்ட்ரைக் ஆஃப் என்பது அசல் துணியில் போட்ட மாதிரிப் பிரிண்ட். வெட்டிய துண்டுகளில்தான் பிரிண்ட் போடுவார்கள். ஆகவே 18ஆம் தேதி வெட்டு தொடங்கும்போது அப்ரூவல் கையில் இருக்க வேண்டும். கூரியர் ஐரோப்பா போய்ச் சேர மூன்று நான்கு வேலைநாள் பிடிக்கும். 11 வியாழன் அனுப்பினால் 16 செவ்வாய் அல்லது 17 புதன் சேரும். "அடுத்த வாரம்" என்று 15ஆம் தேதி அனுப்பியிருந்தால், பார்சல் போய்ச் சேரும்போதே கட்டிங் தொடங்கியிருக்கும், அப்ரூவலுக்காகத் துண்டுகள் காத்துக்கிடக்கும். 11ஆம் தேதிகூட இறுக்கம்தான். எனவே இன்னொரு கேள்வி பிறக்கிறது: புகைப்படத்தைப் பார்த்துப் பையர் ஒப்புக்கொள்வாரா? அதை நாளைக்கே கேட்பதும் ஒரு வேலை. அதுவும் பட்டியலில் சேர வேண்டும்.

பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் வேலை

ஐந்தாம் வரி வேலைபோலவே தெரியவில்லை. "பேசப்பட்டது" என்று முடிந்துவிட்டது. ஆனால் போன ஆர்டரிலும் வந்த குறை இது. ஏதாவது செய்யாவிட்டால் மறுபடி வரும். இப்படிப்பட்ட வரிகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "செய்ய வேண்டியவை" பட்டியலை மூடி வைத்துவிட்டு, விவாதப் பகுதியை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் "சரி, இப்போது என்ன செய்யப் போகிறோம்?" என்று கேளுங்கள். மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். ஒரு வேலை முடிவாயிற்று. எதுவும் செய்வதில்லை என்று முடிவாயிற்று. அல்லது முடிவே எடுக்கவில்லை.

மூன்றாவது பதில்தான் ஆபத்தானது. அங்கே மினிட்ஸ் எழுதுபவர் தானாக ஒரு வேலையை உருவாக்கிவிடக் கூடாது. ரிப்பின் நீளத்தைக் கழுத்து அளவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தோன்றலாம், அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கூட்டம் அப்படி முடிவு செய்யவில்லை. "முடிவு எடுக்கப்படவில்லை" என்று எழுதி, கூட்டத்தை நடத்தியவரிடம் அன்றே கேளுங்கள். அவர் ஒருவர் பெயரைச் சொன்னால் அது வேலை ஆகிவிடும்.

நிரம்பிய கட்டமும் தவறாகலாம்

ஆறாம் வரியில் ஆள், தேதி இரண்டும் இருக்கின்றன. ஆனால் பேக்கிங் 29ஆம் தேதி தொடங்குகிறது, கார்ட்டன் 30ஆம் தேதி வருகிறது. வெற்றிடத்தை மட்டும் தேடுபவருக்கு இது தெரியாது. ஒவ்வொரு கெடுவையும் படிக்கும்போது, இந்த வேலைக்காக அடுத்து யார் காத்திருக்கிறார், அவருக்கு எப்போது தேவை என்று கேளுங்கள். கெடு அந்தத் தேதிக்கு முன்னால் விழ வேண்டும். வேலை தப்பாகிவிட்டால் திருத்தவும் ஒன்றிரண்டு நாள் இருக்க வேண்டும். கார்ட்டனுக்கு 26 வெள்ளி பொருந்தும். அளவோ அச்சோ தவறியிருந்தால் சனிக்கிழமையே சப்ளையரிடம் சொல்லலாம்.

ஓட்டை தெரிந்தபின் என்ன செய்வது

நீங்களே பெயரையும் தேதியையும் நிரப்பி அனுப்பிவிடாதீர்கள். தான் ஒப்புக்கொள்ளாத தேதியை மினிட்ஸில் பார்ப்பவர் ஒன்று சண்டைக்கு வருவார், இல்லையென்றால் பேசாமல் இருந்துவிட்டுக் கெடு அன்று "நான் எப்போது சொன்னேன்?" என்பார். கேட்டு வாங்க வேண்டும். "எப்போது முடியும்?" என்று வெறுமனே கேட்டால் "பார்த்துச் சொல்றேன்" என்றுதான் பதில் வரும். ஒரு தேதியை நீங்கள் முன்வைத்து, அது ஏன் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். பேட்டர்ன் மாஸ்டரிடம் போனில் இப்படிக் கேட்கலாம்:

"மாஸ்டர், திங்கக்கிழமை மார்க்கர் போடணுங்க. ஷ்ரிங்கேஜுக்கு பேட்டர்ன் மாத்தறதா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிருவீங்களா? அப்படியே மினிட்ஸ்ல உங்க பேர்ல போட்டுக்கட்டுங்களா?"

"வெள்ளிக்கிழமைதானே ரிப்போர்ட்டே வரும். சனிக்கிழமை காலைல பதினொரு மணிக்குள்ள சொல்லிடறேன், அப்படிப் போட்டுக்கங்க."

ஒரு நிமிடப் பேச்சுதான். தேதி மாறியது, ஆனால் இப்போது அது அவர் கொடுத்த தேதி. அதோடு டெஸ்ட் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வந்தே ஆக வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

கூட்டத்துக்கு வராத ஒருவர் தலையில் வேலை விழுந்திருந்தால், மினிட்ஸ் போவதற்கு முன் அவரிடம் பேசிவிடுங்கள். முதலாளியோ மேலாளரோ "எல்லாரும் சேர்ந்து பாருங்க" என்று முடித்திருந்தால், இளையவர் தானாக ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பது சரியில்லை. "சார், இது யார் பேர்ல போடட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். மரியாதைக் குறைவு அதில் எதுவும் இல்லை. எல்லாரிடமும் கேட்டும் பதில் வராத வரியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "உறுதியாகவில்லை" என்று எழுதி, எப்போது உறுதியாகும் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். வெற்றிடத்தைக் கண் தாண்டிப் போகும். இந்தச் சொல்லைத் தாண்டிப் போகாது.

திருத்திய பட்டியல்

1அ. ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் ரிப்போர்ட் – குவாலிட்டி ஆள் – ஜூன் 12, வெள்ளி
1ஆ. பேட்டர்ன் மாற்றமா, காம்பாக்டிங்கா என்ற முடிவு – பேட்டர்ன் மாஸ்டர் – ஜூன் 13, சனி, காலை 11 மணி
2. நேவி–வெள்ளை சேர்த்துத் துவைத்த ரிப்போர்ட் – குவாலிட்டி ஆள் – ஜூன் 12, வெள்ளி
3. கேர் லேபிள் ஆர்ட்வொர்க் பையருக்கு அனுப்புதல் – மெர்ச்சண்டைசர் – ஜூன் 10, புதன் (பதில் தேவை: ஜூன் 15, வராவிட்டால் அன்று மாலை மேலாளரிடம் சொல்ல வேண்டும்)
4அ. புகைப்பட அப்ரூவல் ஏற்பாரா என்று பையரிடம் கேட்டல் – மெர்ச்சண்டைசர் – ஜூன் 10, புதன்
4ஆ. ஸ்ட்ரைக் ஆஃப் கூரியரில் அனுப்புதல் – மெர்ச்சண்டைசர் – ஜூன் 11, வியாழன் (பதில் தேவை: ஜூன் 17)
5. கழுத்து ரிப் அலை: முடிவு எடுக்கப்படவில்லை. யார் பார்ப்பது என்பதை உற்பத்தி மேலாளர் ஜூன் 10, புதன்கிழமைக்குள் சொல்வார்
6. கார்ட்டன் வந்து சேருதல் – பேக்கிங் இன்சார்ஜ் – ஜூன் 26, வெள்ளி

பட்டியலை எக்செல் தாளில் வைத்திருப்பவர்கள் இடைவெளியைத் தாளே காட்டும்படி செய்யலாம். C பத்தியில் பெயர், D பத்தியில் கெடு என்றால், பக்கத்துக் கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(AND(C2<>"",ISNUMBER(D2)),"","கேள்")
```

பெயர் இல்லாவிட்டாலும், தேதிக்குப் பதில் "விரைவில்" என்று எழுதியிருந்தாலும் "கேள்" என்று வரும். எக்செல் உண்மையான தேதியை எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. "விரைவில்" எண் ஆகாது. ஆனால் ஒரே கட்டத்தில் இரண்டு பெயர் இருப்பதையோ, கார்ட்டன் தேதி பேக்கிங்கைத் தாண்டியதையோ இந்தச் சூத்திரம் பிடிக்காது. அதற்குக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

கடைசியாகப் பட்டியலைப் பெயர் வாரியாக ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். மேலே மெர்ச்சண்டைசருக்கு இரண்டு நாளில் மூன்று வேலைகள் இருக்கின்றன. குவாலிட்டி ஆளுக்கு வெள்ளிக்கிழமை இரண்டு ரிப்போர்ட். ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரி, ஆனால் ஒரே ஆளால் முடியுமா? அவரிடம் கேட்டுவிட்டு, முடியாது என்றால் அனுப்பும் முன்பே மாற்றுங்கள்.

எப்போது அனுப்புவது, பிறகு என்ன

கம்பெனி போர்டு கூட்டங்களுக்கான செயலகத் தரநிலைப்படி, வரைவு மினிட்ஸை இயக்குநர்களுக்கு அனுப்ப 15 நாளும், அவர்கள் கருத்துச் சொல்ல 7 நாளும் இருக்கின்றன. அது சட்டப் பதிவு. வேலைக் கூட்டத்துக்கு அந்த அளவுகோல் ஆகாது. நம் எடுத்துக்காட்டில் முதல் கெடு கூட்டத்துக்கு மறுநாளே வந்துவிடுகிறது. கூட்டம் நடந்த அன்றே மாலைக்குள் மினிட்ஸ் போகாவிட்டால் பொறுப்பாளர் தன் கெடுவைப் பார்க்கும்போதே அது கடந்திருக்கும். முழு மினிட்ஸ் தயாராகாவிட்டால் பட்டியலை மட்டும் முதலில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்த கூட்டத்தைப் பழைய பட்டியலிலிருந்து தொடங்குங்கள். முடிந்ததா, இல்லையா என்ற இரண்டில் ஒன்றைப் பதிலாகக் கேளுங்கள். "நடந்துகொண்டிருக்கிறது" என்று வந்தால் புதுத் தேதி வாங்குங்கள். ஆனால் பழைய தேதியை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். ஒரே வேலைக்கு மூன்றாவது தேதி விழுந்தால் ஆளை நெருக்குவதை நிறுத்திவிட்டு வேலையைப் பாருங்கள். துணி வராமல் இருக்கலாம், முடிவு வேறொருவர் கையில் இருக்கலாம், அந்த வரி இன்னும் இரண்டாகப் பிரிய வேண்டியிருக்கலாம். எதுவென்று அந்த ஆளிடம் கேட்டு, தடையாக நிற்கும் வேலையைத் தனி வரியாக எழுதி, அதற்கும் ஒரு பெயரும் தேதியும் வாங்குங்கள்.